எழுதாத உயிர்

பழைய இந்திப் படப் பாடல்களில் கணிசமானவை முதலில் உருது எழுத்தில் எழுதப்பட்டவை. சாஹிர் லூதியான்வி, மஜ்ரூஹ் சுல்தான்பூரி, கைஃபி ஆஸ்மி எல்லாரும் உருதுக் கவிஞர்கள். குல்ஸார் உருது எழுத்திலேயே எழுதிப் பழகியவர். அந்தப் பாடல்களை இன்று பெரும்பாலானோர் தேவநாகரியில் படிக்கிறார்கள். ஆகவே யாரோ ஒருவர் எழுத்து மாற்றித் தந்திருக்க வேண்டும். அவருக்கு வருகிற பெரிய தொல்லை, தாளில் இல்லாத எழுத்துகள்.

உருதுவில் நெடில்களுக்கு எழுத்து உண்டு. அ, இ, உ ஆகிய குறில்களுக்கு மேலும் கீழும் இடுகிற சிறு குறிகள்தான் உண்டு: ஸபர், ஸேர், பேஷ். குழந்தைகளின் பாடநூலிலும் அகராதியிலும் அவற்றை இடுவார்கள். மற்ற இடங்களில் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள், ஏனென்றால் மொழி தெரிந்தவருக்கு அவை தேவைப்படுவதில்லை. தேவநாகரியோ நம் எழுத்தைப் போலவே குறிலையும் எழுதியே ஆக வேண்டிய எழுத்து. அங்கே போகும்போது யாராவது முடிவெடுத்தாக வேண்டும்.

நாமே ஒரு தொடரை எடுத்துக்கொள்வோம். 'க்யா கியா உஸ் நே' என்றால் 'என்ன செய்தான் அவன்'. 'க்யா'வுக்கும் 'கியா'வுக்கும் உருதுவில் ஒரே எழுத்துகள்: காஃப், யே, அலிஃப். 'உஸ்' என்பது அலிஃபும் ஸீனும். 'இஸ்' என்றாலும் அதே இரண்டுதான். ஆக, குறி இல்லாத இந்தத் தொடரை எட்டு விதமாக ஒலிக்கலாம். 'கியா கியா' எடுத்த எடுப்பிலேயே விழுந்துவிடும். 'க்யா க்யா' வந்தால் 'என்னென்ன' என்று பொருள்படும், ஆனால் வினைச்சொல் அடுத்து எங்காவது இருக்க வேண்டும். 'க்யா கியா', 'கியா க்யா' இரண்டும் பிழையற்றவை. பாட்டில் சொல் இடம் மாறி வருவது இயல்பு என்பதால் இலக்கணத்தால் இவற்றில் ஒன்றைத் தள்ள முடியாது.

இங்கே கைகொடுப்பது யாப்பு. உருது யாப்பில் குறில் தனியே நின்றால் சிற்றசை, நெடிலும் ஒற்றடுத்த குறிலும் பேரசை. 'க்யா' ஒரே பேரசை. 'கியா' சிற்றசையும் பேரசையும். பாட்டின் மற்ற அடிகளெல்லாம் பெரிது-சிறிது-பெரிது என்று தொடங்கினால் நம் தொடர் 'க்யா கியா'. சிறிது-பெரிது-பெரிது-பெரிது என்று தொடங்கினால் 'கியா க்யா உஸ்'. ஓரடியை மட்டும் வைத்து இதைச் சொல்ல முடியாது, நாலைந்து அடிகளையாவது அலகிட்டுப் பார்க்க வேண்டும். 'தர்த் தில்', 'தர்தே தில்' இரண்டில் எது என்பதும் சில இடங்களில் இப்படித் தெரியும். 'இதயத்தின் வலி' என்று இரு சொல்லைக் கோக்கும் அந்த 'ஏ'யும் எழுதப்படாத ஒரு ஸேர்தான், அது பேரசையாக நீளும் இடத்தில் அசைக் கணக்கு காட்டிக்கொடுக்கும், சிற்றசையாக நின்றால் இரண்டும் ஒரே அளவுதான்.

ஆனால் 'இஸ்', 'உஸ்' விஷயத்தில் யாப்பு வாய் திறக்காது. இரண்டும் ஒரே பேரசை. இவன் செய்தானா, அவன் செய்தானா? முன்பின் அடிகளில் ஆள் எதிரே நிற்கிறாரா, விட்டுப் போய்விட்டாரா என்று பார்க்கலாம். அதுவும் பிடிபடாவிட்டால் இசைத்தட்டைக் கேட்பதே வழி. இகரமும் உகரமும் காதுக்குத் தெளிவாகப் பிரியும். அதே இசைத்தட்டை நம்பி 'க்யா'வா 'கியா'வா என்று முடிவு செய்யப் போனால் ஏமாற்றும். மெட்டுக்காகப் பாடகர் 'க்யா'வை இரண்டு சுரத்தில் இழுத்தால் அது 'கியா' போலவே கேட்கும். ஆகவே ஒன்றுக்குக் காது, மற்றதற்கு யாப்பு என்று பிரித்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

எழுத்தை மட்டும் பார்த்து மாற்றும் கணினி நிரலுக்கு இந்த இரண்டு வழியும் இல்லை. அகராதியில் அடிக்கடி வரும் சொல்லை அது எடுத்துக்கொண்டால், நம் தொடர் 'க்யா க்யா' ஆகிவிடலாம். படித்தால் உறுத்தாது என்பதுதான் ஆபத்து. வினைச்சொல்லைத் தேடிப் போகிறவர் மட்டுமே பிடிப்பார். சரிபார்க்கிறேன் என்று அந்தத் தேவநாகரியைத் திரும்ப உருதுவாக்கினாலும் பயனில்லை. தவறான படிப்பும் சரியான படிப்பும் அதே மூன்று எழுத்துகளில் போய் ஒடுங்கும். மூலத்தோடு அச்சு அசலாகப் பொருந்தி, எல்லாம் சரி என்று காட்டும்.

தேவநாகரியிலிருந்து உருதுவுக்குப் போகும்போது குறிலைக் கைவிடுவது எளிது. அங்கேதான் ஒரு சிறிய உதவி செய்யலாம். எல்லாச் சொல்லுக்கும் குறியிட்டால் பக்கம் கசகசவென்று ஆகிவிடும், குறி உள்ள சொல்லும் இல்லாத சொல்லும் தேடலில் சேராமல் போவதும் உண்டு. இரண்டு விதமாகப் படிக்க இடமுள்ள சொல்லுக்கு மட்டும், அலிஃபின் மேல் ஒரு பேஷ் இட்டால் அது 'உஸ்', கீழே ஒரு ஸேர் இட்டால் 'இஸ்'. கவனமாக அச்சிடும் உருதுப் பதிப்பாளர்கள் செய்வதும் இதுவே.