ஸ்டாப்லாஸ் போட்டாச்சு, ஆனால் அது நிற்கிறதா?

ஒரு பங்கை 500 ரூபாய் விலையில் நூறு வாங்குகிறீர்கள். இன்றே விற்றுவிட வேண்டும். 515 வந்தால் லாபத்தோடு வெளியேறுவது, 492க்கு இறங்கினால் நஷ்டத்தை அங்கேயே நிறுத்திக்கொள்வது என்பது கணக்கு. வாங்கும் விலை, டார்கெட், ஸ்டாப்லாஸ் மூன்றையும் ஒரே ஆர்டராகக் கொடுப்பதுதான் பிராக்கெட் ஆர்டர். வாங்கியது உறுதியானதும் இரண்டு விற்பனை ஆர்டர்கள் தாமாகவே கிளம்பும். அவற்றில் ஒன்று நிறைவேறினால் மற்றது ரத்தாகும். இந்த ஜோடி ஏற்பாட்டை மட்டும் தனியாகச் சொன்னால் ஓசிஓ.

இதை நாமே இரண்டு ஆர்டராகப் போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். கையில் இருப்பது நூறு பங்கு, விற்கக் கொடுத்திருப்பதோ இருநூறு. இரண்டாவது நூறைப் புதிய ஷார்ட் என்று எடுத்துக்கொண்டு புரோக்கர் அதற்கும் மார்ஜின் கேட்பார். இரண்டும் ஒரே நூறு பங்குக்கானவை என்று அவருடைய கணினிக்குச் சொல்வதுதான் பிராக்கெட்டின் வேலை.

அந்த முடிச்சு புரோக்கரின் கணினியில்தான் இருக்கிறது, சந்தையில் இல்லை. தேசியப் பங்குச்சந்தைக்கு அவை இரண்டு தனித்தனி ஆர்டர்கள். டார்கெட் நிறைவேறிய செய்தி சந்தையிலிருந்து புரோக்கருக்கு வந்து, அவர் கணினி ரத்துச் செய்தி அனுப்பி, அது சந்தையைச் சேர்ந்த பிறகே ஸ்டாப்லாஸ் நீங்கும். பெரும்பாலும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். முடியாத நாளில்தான் சிக்கல்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது ஸ்டாப்லாஸ் காலில். டிரிக்கர் 492, லிமிட் 491.50 என்று வைத்திருக்கிறீர்கள். கெட்ட செய்தி ஒன்று வந்து, விலை 493லிருந்து நேராக 490க்கு விழுகிறது. டிரிக்கர் தட்டப்பட்டு ஆர்டர் சந்தைக்குள் போய்விட்டது. ஆனால் 491.50க்குக் குறைத்து விற்காதே என்பது உங்கள் உத்தரவு. 490 கொடுத்தால் கிடைக்கும் பங்குக்கு 491.50 தர ஆள் இல்லை. ஆர்டர் அப்படியே நிற்க, விலை 480க்குப் போகிறது. 800 ரூபாயோடு முடிய வேண்டிய நஷ்டம் 2,000 ஆகிறது. திரையில் `TRIGGER PENDING` என்று இருந்தது `OPEN` என்று மாறியிருக்கும். எல்லாம் சரியாக இருக்கிறது என்பதுபோலத் தோன்றும் அந்தச் சொல்தான் இங்கே ஆபத்தின் அடையாளம்.

டிரிக்கருக்கும் லிமிட்டுக்கும் நடுவே இடைவெளியைக் கூட்டுவதே இதற்கு வழி. லிமிட்டை 489 என்று வைத்திருந்தால் 490 அளவில் விற்றிருக்கும். லிமிட்டைக் கீழே வைத்தால் அந்த விலைக்கே விற்றுவிடுமோ என்று பயப்பட வேண்டாம். அது அடிமட்ட எல்லை மட்டுமே. அந்த நேரத்தில் இருக்கும் நல்ல விலைதான் முதலில் கிடைக்கும். ஆப்ஷனில் இது இன்னும் முக்கியம். அங்கே கிடைத்த விலைக்கு விற்கும் ஸ்டாப்லாஸ் வகையை 2021 செப்டம்பரில் தேசியப் பங்குச்சந்தை நிறுத்திவிட்டதால், லிமிட் இல்லாமல் ஸ்டாப்லாஸ் போட முடியாது.

இன்னொரு விதமாகவும் இந்தக் கால் உடையும். நீங்கள் வாங்கிய அதே நொடியில் விலை 491க்குச் சரிந்திருந்தால், 492 டிரிக்கர் செல்லாது; விற்பனை டிரிக்கர் நடப்பு விலைக்குக் கீழேதான் இருக்க வேண்டும். ஆர்டர் புக்கில் `REJECTED` என்று விழும். பொசிஷன் பக்கத்திலோ நூறு பங்கு வழக்கம்போலத் தெரியும். இப்போது உங்களிடம் டார்கெட் இருக்கிறது, காவல் இல்லை. இந்த நிலையில் பொசிஷனைத் தானே மூடுவாரா, அப்படியே விடுவாரா என்பது புரோக்கருக்குப் புரோக்கர் மாறும். பணம் போடுமுன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பதற்றத்தில் எல்லோரும் செய்வது, புதிதாக ஒரு விற்பனை ஆர்டர் போட்டு நூறையும் விற்பது. நஷ்டம் நின்றுவிடும், ஆனால் 515இல் டார்கெட் இன்னும் உயிரோடு இருக்கிறது. மதியம் விலை ஏறினால் அது இன்னொரு நூறை விற்றுவிடும். கையில் இல்லாத பங்கை விற்றவராகிவிடுவீர்கள். விலை எகிறி இரண்டு கால்களும் நிறைவேறிவிட்டாலும் முடிவு இதுவே. அந்த ஷார்ட்டை அன்றைக்குள் வாங்கி அடைக்க வேண்டும். பங்கு அப்பர் சர்க்யூட்டில் பூட்டிக்கொண்டால் வாங்கக் கிடைக்காது. ஏலத்துக்குப் போய், அந்த விலை வித்தியாசத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும்.

அதனால் புதிய ஆர்டர் வேண்டாம். பிராக்கெட்டை மொத்தமாக மூடும் `Exit` பொத்தான் இருந்தால் அதை அழுத்துங்கள். இல்லையென்றால் நிற்கும் டார்கெட் ஆர்டரையே மாற்றி மார்க்கெட் விலைக்குக் கொண்டுவாருங்கள். விற்பனை ஆர்டர் ஒன்றுதான் இருக்கும், இருமுறை விற்காது.

வாங்கியதும் ஆர்டர் புக்கைத் திறந்து பாருங்கள்: வாங்கிய எண்ணிக்கைக்குச் சமமாக இரண்டு விற்பனை ஆர்டர்கள், ஒன்று `OPEN`, மற்றது `TRIGGER PENDING` என்று இருக்க வேண்டும். வெளியேறிய பிறகும் பாருங்கள்: பொசிஷன் சைபர், நிலுவையில் ஓர் ஆர்டரும் இருக்கக் கூடாது.