அதே மருந்து, வேற கம்பெனி

கம்பெனி மாறினதும் "இந்த மாத்திரை முன்ன மாதிரி வேலை செய்யல"ன்னு ஒருத்தர் சொன்னா, மனப்பிரமைன்னு தள்ளிடுவோம். அமெரிக்காவுல அப்படித் தள்ளினது ஒருமுறை தப்பாப் போச்சு.

முதல்ல டெஸ்ட். ஆரோக்கியமான சிலருக்கு ஒருநாள் ஒரிஜினல், சில நாள் இடைவெளி விட்டு ஜெனரிக் கொடுப்பாங்க. அடிக்கடி ரத்தம் எடுத்து, மருந்தின் அளவை கிராஃபா வரைவாங்க. பார்ப்பது உச்சமும், கர்வுக்குக் கீழ இருக்கும் பரப்பும் (ஆமா, நம்ம இன்டக்ரேஷன்தான்). ஜெனரிக்/ஒரிஜினல் விகிதத்தோட 90% கான்ஃபிடன்ஸ் இன்டர்வல் முழுசா 80–125%க்குள் அடங்கணும். சராசரி மட்டும் உள்ளே இருந்தா பத்தாது.

இப்போ கதைக்கு வருவோம். மனச்சோர்வுக்கான புப்ரோபியானின் ஜெனரிக், புடெப்ரியான் எக்ஸ்எல் 300 மிகி. டெஸ்ட் நடந்தது 150-ல மட்டும். 300 கொடுத்தா வலிப்பு வரலாம்னு பயம். 150 சரின்னா 300-ம் சரின்னு 2006-ல அனுமதிச்சாங்க. மாறின சிலர், சோர்வு திரும்பிடுச்சுன்னு புகார் சொன்னாங்க. கடைசியில எஃப்டிஏவே 300-ஐ டெஸ்ட் பண்ணுச்சு. 2012-ல வந்த ரிசல்ட்: உச்சம் ஒரிஜினல்ல 75%தான், பரப்பு 86%. மாத்திரை வாபஸ்.

இன்னொரு ஓட்டை: ஒவ்வொரு ஜெனரிக்கையும் ஒரிஜினலோடதான் ஒப்பிடுவாங்க, ஜெனரிக்குகளை ஒண்ணோட ஒண்ணு இல்ல. ஒண்ணு 94, இன்னொண்ணு 108ன்னா, மாறும்போது வித்தியாசம் 15% கிட்ட.

ஆனா சந்தேகம் எப்பவும் ஜெயிக்காது. வலிப்பு மருந்தான லாமோட்ரிஜின்ல, ஒண்ணுக்கொண்ணு ரொம்ப விலகின ரெண்டு ஜெனரிக்கை நோயாளிகளுக்கே மாத்தி மாத்திக் கொடுத்தாங்க. ரெண்டும் லிமிட்டுக்குள்ளயே நின்னுது.