மாத்திரையைச் சோதிக்கும் முன் கருவிக்கு ஒரு சோதனை

மருந்து ஆய்வகங்களில் மாத்திரையில் உள்ள மருந்தின் அளவையும் மாசுகளையும் கண்டறிய எச்.பி.எல்.சி. கருவி பயன்படுகிறது. நுண்துகள்கள் நிரம்பிய குழாய் வழியே கரைசல் அழுத்தத்துடன் ஓடும். மாதிரியிலுள்ள பொருள்கள் வெவ்வேறு நேரங்களில் வெளியேறி, வரைபடத்தில் முகடுகளாகப் பதியும். மாதிரியைச் செலுத்துமுன் கருவி அந்த வேலைக்குத் தகுதியாக இருக்கிறதா என்று பார்ப்பதே அமைப்புத் தகுதிச் சோதனை.

ஆஸ்பிரின் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். ஈரம் பட்டால் அது சிதைந்து சாலிசிலிக் அமிலம் உருவாகும். இந்த மாசை அளப்பதற்கு முன், இரண்டும் கலந்த தரக்கரைசல் செலுத்தப்படுகிறது. ஆஸ்பிரின் முகடு 5.4 நிமிடத்திலும் சாலிசிலிக் அமிலம் 6.0 நிமிடத்திலும் வருகின்றன, பாதி உயரத்தில் அவற்றின் அகலம் 0.14, 0.15 நிமிடம் என்று கொள்வோம்.

முதலில் பிரிதிறன். நேர இடைவெளியை 1.18ஆல் பெருக்கி, இரு அகலங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 2.4 கிடைக்கும். 1.5 இருந்தாலே முகடுகள் ஏறக்குறைய முழுதாகப் பிரிந்துவிடும். பல முறைகள் 2.0க்குக் குறையக் கூடாது என்கின்றன.

அடுத்தது தட்டு எண்ணிக்கை. முகடு எவ்வளவு ஒடுக்கமாக இருக்கிறது என்பதை இது காட்டும். நேரத்தை அகலத்தால் வகுத்து, இருமடியாக்கி, 5.54ஆல் பெருக்க வேண்டும். சாலிசிலிக் அமிலத்துக்கு ஏறத்தாழ 8,860 வருகிறது. குழாய் பழசாகி அகலங்கள் 0.23, 0.24 ஆனால் இது 3,460 ஆகக் குறையும். குறைந்தபட்சம் 2,000 போதும் என்ற விதியில் இது தேறிவிடும். ஆனால் பிரிதிறன் 1.5க்கு இறங்கியிருக்கும். ஆகவே ஓர் எண்ணை மட்டும் பார்த்து முடிவுசெய்ய முடியாது.

மூன்றாவது வால் நீட்சி. முகட்டின் உயரத்தில் 5 விழுக்காடு மட்டத்தில் மொத்த அகலத்தை, முன்பாதி அகலத்தின் இருமடங்கால் வகுப்பார்கள். சமச்சீரான முகட்டுக்கு விடை 1. பொதுவான உச்சவரம்பு 2. தரக்கரைசலில் இரு பொருள்களும் நெருங்கிய அளவில் இருக்கலாம். மாத்திரையிலோ ஆஸ்பிரின் மிக அதிகம், மாசு மிகக் குறைவு. ஆஸ்பிரினின் வால் நீண்டால் அடுத்து வரும் சிறிய முகடு அதற்குள் புதைந்துவிடும். எல்லா முகடுகளுமே வால்விட்டால், குழாயின் தலைப்பில் வெற்றிடமோ இணைப்புகளில் இடைவெளியோ இருக்கலாம்.

கடைசியாக, தங்கும் நேரத்தின் நகர்வு. தரக்கரைசலை ஐந்து முறை செலுத்தும்போது 6.00, 5.95, 5.90, 5.85, 5.80 என நேரம் இறங்குகிறது என்க. சார்பு திட்டவிலக்கம் 1.3 விழுக்காடுதான்; 2 விழுக்காடு வரம்புக்குள் அடங்கும். ஆயினும் இது தற்செயலான ஏற்ற இறக்கமில்லை, ஒரே திசையில் செல்லும் சரிவு. குழாயின் வெப்பநிலையோ கரைசல் சமநிலையோ இன்னும் நிலைக்கவில்லை என்பதற்கான அறிகுறி இது. கரைசலை மேலும் ஓடவிட்டு, நேரம் நிலைத்தபின் சோதனையை மீண்டும் செய்ய வேண்டும்.

இச்சோதனைக்கு ஆய்வுக்கு வந்த மாதிரியையே பயன்படுத்துவது தவறு. முடிவை முன்கூட்டியே பார்த்துவிட்டு, பிடிக்காததை மறைக்க அது வழிவிடும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் வெளியிட்ட தரவு நேர்மை வழிகாட்டுதலும் இதைக் கண்டிக்கிறது. சோதனையில் ஓர் அளவு தவறினாலும், காரணத்தைக் கண்டு சரிசெய்து, மீண்டும் தேறிய பிறகே மாதிரிகளைச் செலுத்த வேண்டும்.