தண்ணீர் சேர்ந்த பிறகு கூழின் விலை என்ன?

கிருஷ்ணகிரி வட்டாரத்து மாம்பழக் கூழ் ஆலைகளுக்கு மாம்பழ சீசன் முடியும்வரை ஓய்வே இருக்காது. பெங்களூரா மாம்பழம் லாரி லாரியாக வந்து இறங்கும். கழுவி, கொட்டை நீக்கி, அரைத்து, சூடேற்றிக் கிருமி நீக்கிய கூழைக் காற்றுப் புகாத பைகளில் நிரப்பி, டிரம்மில் வைத்து மூடிவிடுவார்கள். ஒரு டிரம்மில் ஏறக்குறைய 215 கிலோ பிடிக்கும். சில மாதங்களில் எடுத்த கூழை வைத்துக்கொண்டுதான் குளிர்பான ஆலைகள் ஆண்டு முழுவதும் மாம்பழ பானம் தயாரிக்கின்றன.

கூழும் பானமும் ஒரே நிறுவனத்தில் தயாரானால் அங்கே இரண்டு பிரிவுகள் இருக்கும். கூழ்ப் பிரிவு தன் சரக்கை அடக்கவிலைக்கு பானப் பிரிவிடம் ஒப்படைக்கும். பானப் பிரிவு அதில் தண்ணீர், சர்க்கரை, சிட்ரிக் அமிலம் எல்லாம் சேர்த்துப் பானமாக்கும். பொருள் ஒவ்வொரு பிரிவாகக் கடந்து போகப் போக, அந்தந்தப் பிரிவின் செலவை அதன் தலையில் ஏற்றிக்கொண்டே போவதைத்தான் செயல்முறை அடக்கவிலைக் கணக்கு என்கிறோம். நூல் ஆலையிலும் காகித ஆலையிலும் இதே கணக்குதான். ஆனால் பல தொழில்களில் அடுத்த பிரிவுக்குப் போகும் சரக்கின் அளவு கூடாது, கழிவு போகக் கொஞ்சம் குறையும். மாம்பழ பானத்தில் அப்படியில்லை. 1,000 கிலோவாக உள்ளே போவது 5,000 கிலோவாக வெளியே வரும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒரு கொப்பரைக் கணக்கைப் பார்ப்போம். விலைகள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. கலவை அளவு நடைமுறைக்கு ஒட்டியது. கூழ்ப் பிரிவிலிருந்து 1,000 கிலோ கூழ் வருகிறது. அடக்கவிலை கிலோ 40 ரூபாய், ஆக 40,000 ரூபாய். இந்தக் கூழின் பிரிக்ஸ் 14, அதாவது 100 கிலோவில் 14 கிலோ கரைந்த திடப்பொருள், பெரும்பாலும் பழச் சர்க்கரை. பானத்தின் பிரிக்ஸ் 15 ஆக இருக்க வேண்டும். அதற்காக 600 கிலோ சர்க்கரை, 10 கிலோ சிட்ரிக் அமிலம், 3,390 கிலோ சுத்திகரித்த தண்ணீர் சேர்க்கிறார்கள். மொத்தம் 5,000 கிலோ. அதில் கூழிலிருந்து 140, சர்க்கரை 600, அமிலம் 10 என 750 கிலோ திடப்பொருள். சரியாக 15 சதவீதம்.

சேர்த்த பொருள்களுக்கு 28,000 ரூபாய் ஆகிறது. அதில் சர்க்கரை மட்டும் கிலோ 42 ரூபாய் வீதம் 25,200. நீராவி, மின்சாரம், கூலி, இயந்திரத் தேய்மானம் எல்லாம் சேர்ந்து 17,000. ஆகச் செலவு 85,000 ரூபாய், கையில் இருப்பது 5,000 கிலோ பானம். கிலோவுக்கு 17 ரூபாய். பாட்டில், மூடி, லேபிள் செலவு தனி.

இந்த 17 ரூபாய்க்குள் கூழின் பங்கு எவ்வளவு? 40 ரூபாய் இல்லை. அதே 40,000 ரூபாயை இப்போது 5,000 கிலோ சுமக்கிறது, ஆகவே 8 ரூபாய். மொத்தத் தொகை ஒரு ரூபாய்கூட மாறவில்லை. அதைப் பங்குபோட வந்த தலைகள்தான் ஐந்து மடங்கு. பாடப்புத்தகம் இதையே முந்தைய பிரிவின் அலகுச் செலவைத் திருத்துவது என்று சொல்லும். மீதி 9 ரூபாயில் சேர்த்த பொருள்கள் 5 ரூபாய் 60 காசு, பதப்படுத்தும் செலவு 3 ரூபாய் 40 காசு.

தேர்வு எழுதும் வணிகவியல் மாணவர்களும், சில சமயம் ஆலைக் கணக்கரும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். முந்தைய பிரிவின் தாளில் 40 ரூபாய் என்று இருக்கும்; அதை அப்படியே எடுத்து எழுதி, அதன் மேல் 5.60-ஐயும் 3.40-ஐயும் கூட்டினால் 49 ரூபாய் வரும். அந்த விலையில் 5,000 கிலோவைப் பெருக்கினால் 2,45,000 ரூபாய். செலவழித்ததோ 85,000. பிழையைக் கண்டுபிடிக்க இந்த ஒரு பெருக்கல் போதும்: அலகு விலையை வெளிவந்த அளவால் பெருக்கினால் உள்ளே போன பணம் அப்படியே திரும்பி வர வேண்டும். வராவிட்டால் கிலோவும் கிலோவும் வேறு வேறு கிலோவாகக் கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு கொப்பரையை முழுதாக முடித்துவிட்டால் இவ்வளவுதான். மாதக் கடைசியில் பாதி வேலையில் சரக்கு நின்றால்தான் கணக்கு உண்மையிலேயே கடினமாகிறது. ஏனென்றால் தண்ணீர் சேர்வது வேலையின் தொடக்கத்தில் இல்லை. டிரம்மைத் திறந்து, கூழை வடிகட்டி, நார் போக மசித்த பிறகுதான் அது கலவைத் தொட்டிக்குப் போகிறது. அந்தத் தொட்டிக்கு இந்தப் பக்கம் நிற்பது கூழ், அந்தப் பக்கம் நிற்பது பானம்.

மாதத்தில் 10,000 கிலோ கூழ் வந்தது என்று வைத்துக்கொள்வோம், மதிப்பு 4,00,000 ரூபாய். அதில் 9,000 கிலோ கலக்கப்பட்டு 45,000 கிலோ பானமாகிக் கிடங்குக்குப் போய்விட்டது. 1,000 கிலோ வடிகட்டும் இடத்தில் நிற்கிறது. கணக்கர் 45,000-த்தோடு 1,000-த்தைக் கூட்டி, 4,00,000-ஐ 46,000-ஆல் வகுத்தால் கிலோவுக்கு 8 ரூபாய் 70 காசு வரும். அந்த வீதத்தில் நின்றுகொண்டிருக்கும் கூழின் மதிப்பு வெறும் 8,700 ரூபாய். ஆனால் அங்கே இருப்பது கிலோ 40 ரூபாய்க்கு வாங்கிய கூழ்! 40,000 ரூபாய்ச் சரக்கு ஏட்டில் 8,700 ஆகச் சுருங்கிவிட்டது. மீதி 31,300 ரூபாய் பேசாமல் முடிந்த பானத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அந்தப் பானம் விற்றுப்போனால் இந்த மாத லாபம் அந்த அளவுக்குக் குறைந்து தெரியும். அடுத்த மாதம் காரணமே இல்லாமல் கூடித் தெரியும். மேலாளர் இரண்டு மாதமும் ஆலையைச் சுற்றிச் சுற்றி வந்தாலும் காரணம் அங்கே கிடைக்காது.

சரியான வழி, எல்லாவற்றையும் முடிந்த பானத்தின் கிலோவாகவே எண்ணுவது. கலக்காமல் நிற்கும் 1,000 கிலோ கூழ், 5,000 கிலோ பானத்துக்கான கூழ். ஆகவே கூழ்ச் செலவுக்கு வகு எண் 50,000. வீதம் 8 ரூபாய். நிற்பதன் மதிப்பு 40,000, கையில் இருக்கும் சரக்கோடு பொருந்துகிறது. சர்க்கரை, தண்ணீர், அமிலத்துக்கு வகு எண் 45,000 மட்டுமே, ஏனென்றால் நிற்கும் கூழில் அவற்றில் ஒரு துளியும் சேரவில்லை. பதப்படுத்தும் செலவில் வடிகட்டும் கட்டம் மொத்த வேலையில் ஐந்தில் ஒரு பங்கு என்று பொறியாளர் மதிப்பிட்டால், 5,000-த்தில் 1,000 கிலோவுக்குரிய வேலை முடிந்திருக்கிறது. வகு எண் 46,000. அந்த மாதம் சேர்த்த பொருள்களுக்கு 2,52,000, பதப்படுத்த 1,56,400 என்று செலவானால், வீதம் பழையபடி 5.60, 3.40. முடிந்த பானம் 7,65,000 ரூபாய், நிற்பது 43,400 ரூபாய், கூட்டினால் 8,08,400. உள்ளே போன மூன்று தொகைகளைக் கூட்டினாலும் அதேதான். ஒரே பிரிவில், ஒரே மாதத்தில், மூன்று வகு எண்கள். சமான அலகுகள் என்று சொல்லிப் பயமுறுத்துவது இதைத்தான்.

சேதாரத்துக்கும் இதே அளவுகோல்தான். கலந்த பிறகு ஒரு கிலோ சிந்தினால் 17 ரூபாய்க்குள் நஷ்டம். கலக்கும் முன் ஒரு கிலோ கூழ் சிந்தினால் 40 ரூபாய்க்கு மேல், அதோடு ஐந்து கிலோ பானமும் போயிற்று. இரண்டையும் ‘1 கிலோ சேதாரம்’ என்று ஒரே வரியில் எழுதும் பதிவேட்டை நம்பக்கூடாது.

கிலோவிலிருந்து லிட்டருக்கு வரும்போது இன்னொரு குழி இருக்கிறது. எடை கூட்டினால் கூடும்; கொள்ளளவு அப்படிக் கூடாது. ஒரு கிலோ சர்க்கரை தண்ணீரில் கரைந்தால் அளவு ஒரு லிட்டர் கூடாது, ஏறக்குறைய 620 மில்லிதான் கூடும். நம் 5,000 கிலோ பானம் சுமார் 4,715 லிட்டர்தான் வரும். லிட்டருக்கு அடக்கம் 17 இல்லை, 18 ரூபாய்க்குச் சற்று மேல். போதாததற்கு, பானத்தை 85 டிகிரிக்கு மேல் சூடாகவே பாட்டிலில் நிரப்புகிறார்கள். அந்தச் சூட்டில் அளவு 3 சதவீதம்வரை விரிந்திருக்கும். சூடான குழாயில் பொருத்திய மீட்டரைப் பார்த்து லிட்டர் எழுதினால் பாட்டில் எண்ணிக்கை ஒருநாளும் பொருந்தாது. அதனால்தான் விவரமறிந்த ஆலைகள் நிரப்பும்வரை கிலோவிலேயே கணக்கு வைத்து, பிரிக்ஸைப் பார்த்துக் கடைசியில் லிட்டராக்குகின்றன.

தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போனால் அடக்கம் இறங்கிக்கொண்டே போகுமா என்று கேட்கத் தோன்றும். இறங்கும், ஆனால் நினைத்த அளவுக்கு இல்லை. அதே 1,000 கிலோ கூழை 10,000 கிலோ பானமாக்கினால் கூழின் பங்கு 8 ரூபாயிலிருந்து 4 ரூபாயாகும். ஆனால் கூழ் தந்த இனிப்பு பரவி நீர்த்துப்போவதால், பிரிக்ஸ் 15-ஐப் பிடிக்க 1,340 கிலோ சர்க்கரை வேண்டும். கிலோ பானத்துக்குச் சர்க்கரைச் செலவு 5.04-லிருந்து 5.63 ஆகிறது. நீராவிச் செலவு குறையவே குறையாது. சேர்த்த ஒவ்வொரு கிலோ தண்ணீரையும் சூடேற்றித்தான் ஆக வேண்டும். மற்றவை அதே வீதத்தில் இருந்தால் அடக்கம் 17 ரூபாயிலிருந்து 13.59-க்கு வரும். அளவு இரட்டித்தது, அடக்கம் ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது.

அதற்கு மேல் நீர்க்க வைக்கவும் வழியில்லை. பருகத் தயாரான பழ பானத்தில், எலுமிச்சை வகை தவிர, பழச்சாறு குறைந்தது 10 சதவீதம் இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. 1,000 கிலோ கூழுக்கு 10,000 கிலோ என்பதே அந்த எல்லை.