குறுக்கே கூட்டினால் ஒரு நேரம், கீழே கூட்டினால் வேறு நேரம்

(பொறியியல் கல்லூரி சிம்போசியம் ஒன்றில் மாணவர்களிடம் பேசிய உரையின் எழுத்து வடிவம்)



முதல் வருடத்திலேயே நீங்கள் எழுதிப் பழகிய ஒரு புரோகிராமிலிருந்து தொடங்குகிறேன். எண்கள் நிறைந்த சதுர அட்டவணை ஒன்று இருக்கிறது. 4096 நிரைகள், 4096 நிரல்கள். அதிலுள்ள எல்லா எண்களையும் கூட்ட வேண்டும். சி மொழியில் இப்படி எழுதுவோம்:

```c
for (i = 0; i < N; i++)
    for (j = 0; j < N; j++)
        sum += a[i][j];
```

இதில் முதல் இரண்டு வரிகளை மட்டும் இடம் மாற்றிப் பாருங்கள்.

```c
for (j = 0; j < N; j++)
    for (i = 0; i < N; i++)
        sum += a[i][j];
```

முதல் புரோகிராம் ஒரு நிரையைக் குறுக்கே முழுதும் கூட்டி முடித்துவிட்டு அடுத்த நிரைக்கு இறங்குகிறது. இரண்டாவது, ஒரு நிரலை மேலிருந்து கீழே கூட்டிவிட்டு அடுத்த நிரலுக்கு நகர்கிறது. இரண்டிலும் கூட்டல்கள் 1,67,77,216 தான். விடையும் ஒன்றே. அல்காரிதம் வகுப்பில் கேட்டால் இரண்டுமே N வர்க்கம் என்று எழுதுவீர்கள், அது சரியான பதிலும்கூட. ஆனால் ஓட்டிப் பார்த்தால் இரண்டாவது புரோகிராம் பல மடங்கு தாமதமாக முடியும். எத்தனை மடங்கு என்பது உங்கள் லேப்டாப்பைப் பொறுத்தது. தாமதம் மட்டும் நிச்சயம்.

கூட்டலில் வித்தியாசம் இல்லை. எண்களை எடுத்துவருவதில்தான் இருக்கிறது.

அட்டவணை என்று நாம் சொன்னாலும் ராமுக்கு அட்டவணை தெரியாது. அங்கே இருப்பது ஒன்றன் பின் ஒன்றாக எண்ணிடப்பட்ட பைட்களின் நீண்ட வரிசை மட்டுமே. சி மொழி முதல் நிரையை அப்படியே வைத்து, அதன் வாலில் இரண்டாவது நிரையை ஒட்டி, பிறகு மூன்றாவதை ஒட்டி அடுக்குகிறது. ஒரு முழு எண்ணுக்கு 4 பைட். ஆக `a[0][0]`-க்கும் `a[0][1]`-க்கும் இடைவெளி 4 பைட். ஆனால் `a[0][0]`-க்கு நேர் கீழே இருக்கும் `a[1][0]` 16,384 பைட் தள்ளி இருக்கிறது. தாளில் பக்கத்துக் கட்டம், நினைவகத்தில் வெகு தூரம். இது மொழிக்கு மொழி மாறும். ஃபோர்ட்ரானும் மேட்லேபும் நிரல் நிரலாக அடுக்குகின்றன. அங்கே நான் காட்டிய இரண்டாவது முறைதான் வேகமானது.

சரி, தூரமாக இருந்தால் என்ன? எந்த முகவரியைக் கேட்டாலும் ஒரே நேரத்தில் கொடுப்பதுதானே ராம்? பாடப்புத்தகத்தில் அப்படித்தான் படிக்கிறோம். ஆனால் புராசசர் ராமோடு நேரடியாகப் பேசுவது குறைவு. 3 கிகாஹெர்ட்ஸ் புராசசர் ஒன்றில் ஒரு துடிப்பு என்பது ஒரு நானோ செகண்டில் மூன்றில் ஒரு பங்கு. ராமிலிருந்து ஒரு எண் வந்து சேர ஏறத்தாழ 100 நானோ செகண்ட் ஆகும். அதற்குள் 300 துடிப்புகள் கடந்துவிடும். கூட்டலுக்கு ஒரு துடிப்பு, காத்திருப்புக்கு 300 என்றால் எந்தப் புராசசரை வாங்கியும் பயனில்லை. ஆகவே புராசசருக்குள்ளேயே சிறிய, மிக வேகமான நினைவகம் ஒன்றை வைக்கிறார்கள். அதுதான் கேச். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மாரிஸ் வில்க்ஸ் 1965இல் ஒரு சிறு கட்டுரையில் இந்த யோசனையை எழுதினார். 1968இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 மாடல் 85 கணினியில் அது விற்பனைக்கு வந்தது. இன்று உங்கள் சட்டைப் பையிலுள்ள செல்போனிலும் இருக்கிறது.

கேச்சும் ஒரே அடுக்கு அல்ல. புராசசரை ஒட்டியிருக்கும் எல்1 கேச் பல கணினிகளில் 32 கிலோபைட்தான். அதிலிருந்து நாலைந்து துடிப்புகளில் எண் கைக்கு வந்துவிடும். அதற்குப் பின்னால் எல்2, எல்3 என்று அளவில் பெரிதாகவும் வேகத்தில் குறைவாகவும் அடுத்தடுத்த அடுக்குகள் நிற்கின்றன. கடைசியில்தான் ராம்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். நீங்கள் 4 பைட் கேட்டாலும் கேச் 4 பைட்டை மட்டும் எடுத்துவராது. இன்டெல், ஏஎம்டி புராசசர்களில் ஒரு தடவைக்கு 64 பைட் வரும். அந்த 64 பைட் துண்டுக்குக் கேச் லைன் என்று பெயர். தேங்காய் வாங்கக் கடைக்குப் போனவர் பருப்பையும் புளியையும் சேர்த்து வாங்கி வருவது போலத்தான். போகிற நேரம்தான் பெரிது. பையில் கூடுதலாக நாலு பொருள் போடுவதற்கு ஆகும் நேரம் ஒன்றுமில்லை.

இதை நம் இரண்டு புரோகிராம்களுக்கும் பொருத்திப் பாருங்கள். 64 பைட்டில் 16 முழு எண்கள் அடங்கும். குறுக்கே போகிறவர் முதல் எண்ணைக் கேட்கும்போதே அடுத்த 15 எண்களும் கூடவே வந்துவிடுகின்றன; பதினைந்தையும் உடனே பயன்படுத்திக்கொள்கிறார். முழு அட்டவணைக்கும் 10,48,576 லைன்கள் வந்தால் போதும். அதாவது 64 மெகாபைட், அட்டவணையின் அளவேதான். போதாததற்கு, வரிசையாகப் படிக்கிறார் என்பதைப் புராசசரே கவனித்து, கேட்பதற்கு முன்பாகவே அடுத்த லைன்களைக் கொண்டுவரத் தொடங்கிவிடும்.

கீழே இறங்குகிறவருக்கும் அதே 16 எண்கள் வருகின்றன. ஆனால் அவர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு 16,384 பைட் தாண்டிப் போய்விடுகிறார். அங்கே இன்னொரு லைன், அதிலும் ஒரு எண். இப்படி 4096 லைன்களைத் தொட்ட பிறகுதான் முதல் நிரல் முடிகிறது. இரண்டாவது நிரலுக்கு அதே லைன்கள் வேண்டும், ஆனால் அவை மொத்தம் 256 கிலோபைட். 32 கிலோபைட் கேச்சில் அவை தங்கியிருக்க முடியாது. புதிதாக வந்தவை பழையவற்றை வெளியே தள்ளியிருக்கும். ஆகவே ஒவ்வொரு எண்ணுக்கும் எல்1-க்கு வெளியே போக வேண்டும். கணக்குப் போட்டால் 1,67,77,216 லைன்கள், அதாவது 1 கிகாபைட். 64 மெகாபைட் அட்டவணையைப் படிக்க 16 மடங்கு சுமந்துவருகிறோம். அவற்றில் சில எல்2-விலிருந்து வரும், சில ராம் வரை போய்த்தான் வரும்.

4096 என்ற எண்ணிலும் ஒரு விஷயம் இருக்கிறது. கேச்சில் ஒரு லைன் எங்கே உட்கார வேண்டும் என்பதை அதன் முகவரியின் கீழ்ப்பகுதிதான் முடிவு செய்கிறது. 16,384 என்பது இரண்டின் அடுக்கு என்பதால், ஒரு நிரலிலுள்ள எண்களின் முகவரிகள் எல்லாவற்றுக்கும் அந்தக் கீழ்ப்பகுதி ஒன்றாகவே இருக்கும். விளைவு, 32 கிலோபைட் கேச் முழுதும் காலியாகக் கிடந்தாலும் இவை அனைத்தும் எட்டே இடங்களுக்கு அடித்துக்கொள்கின்றன. அரேயை `int a[4096][4112]` என்று சற்று அகலமாக அறிவித்து, பழைய 4096 நிரல்களை மட்டும் கூட்டிப் பாருங்கள். தேவையில்லாத 16 நிரல்களைச் சேர்த்ததும் இரண்டாவது புரோகிராம் வேகம் பிடிப்பதைப் பல கணினிகளில் காணலாம். அணிகளைக் கையாளும் லைப்ரரி எழுதுகிறவர்கள் நிரையின் அகலத்தைத் தனியாகக் கேட்டு வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

விடுதிக்குப் போய் இதைச் சோதிக்கும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. அரேயை `main`-க்குள் சாதாரணமாக அறிவித்தால் ஸ்டாக்கில் 64 மெகாபைட் இடம் கிடைக்காமல் புரோகிராம் செக்மென்டேஷன் ஃபால்ட் என்று நின்றுவிடும்; `static` போடுங்கள். கூட்டுவதற்கு முன் எல்லா இடத்திலும் ஏதாவது ஓர் எண்ணை எழுதி நிரப்புங்கள். இதை விட்டால் லினக்ஸ் உங்களை ஏமாற்றிவிடும். யாரும் எழுதாத பக்கங்களைப் படிக்கும்போது அது பூஜ்யங்கள் நிறைந்த ஒரே பக்கத்தை எல்லா முகவரிக்கும் காட்டிவிடுகிறது. நீங்கள் அளப்பது உண்மையான நினைவகத்தை அல்ல. விடையைக் கட்டாயம் பிரின்ட் செய்யுங்கள், இல்லாவிட்டால் பயனில்லாத லூப் என்று கம்பைலர் அதையே நீக்கிவிடலாம். `-O3` கொடுத்தால் `gcc` தானாகவே இரண்டு லூப்களையும் இடம் மாற்றிவிடக்கூடும். அதனால் முதலில் `-O1` வைத்துப் பாருங்கள். நேரம் மட்டும் பார்த்தால் காரணம் கேச்தானா என்று சொல்ல முடியாது. லினக்ஸில் அதையும் எண்ணிக் காட்டும் கருவி இருக்கிறது:

```
perf stat -e L1-dcache-load-misses ./a.out
```

எல்1-இல் கிடைக்காமல் போன தடவைகளின் எண்ணிக்கை இரண்டு புரோகிராம்களுக்கும் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். விர்ச்சுவல் மெஷினுக்குள் ஓட்டினால் இந்த எண்ணிக்கை கிடைக்காமல் போகலாம். கணினியில் நேரடியாக நிறுவிய லினக்ஸில் செய்யுங்கள்.

கூட்டல் ஒரு சின்ன உதாரணம். இதே சங்கதி அணிப் பெருக்கலில் இன்னும் கடுமையாகக் கடிக்கும். பாடத்தில் படித்தபடி i, j, k என்ற வரிசையில் மூன்று லூப் எழுதினால், உள் லூப்பில் `b[k][j]` மேலிருந்து கீழே இறங்குகிறது. j, k இரண்டையும் இடம் மாற்றி i, k, j என்று எழுதுங்கள். விடை அதேதான், 1024-க்கு 1024 அணியானால் பெருக்கல்கள் அதே 107 கோடிதான். ஆனால் இப்போது உள் லூப்பில் `b`-யும் `c`-யும் குறுக்கே நகர்கின்றன, `a[i][k]` மாறாமல் நிற்கிறது. முழுப் பலன் வேண்டுமென்றால் அணியைக் கேச்சில் அடங்கும் சிறு கட்டங்களாக வெட்டிப் பெருக்க வேண்டும். ஓப்பன்பிளாஸ் போன்ற லைப்ரரிகள் அதைத்தான் செய்கின்றன.

லிங்க்டு லிஸ்ட் பற்றியும் ஒரு வார்த்தை. நடுவில் ஒரு எண்ணைச் செருக வேண்டுமென்றால் அரேயைவிட லிங்க்டு லிஸ்ட் மேல் என்று படித்திருப்பீர்கள். செருகும் அந்த ஒரு செயலுக்கு அது உண்மை. ஆனால் செருக வேண்டிய இடம் வரை நடந்து போக வேண்டுமே! ஒரு நோடைப் படித்த பிறகுதான் அடுத்த நோடின் முகவரி தெரியும். நோடுகள் நினைவகத்தில் சிதறிக் கிடந்தால் ஒவ்வொரு அடியிலும் காத்திருப்பு. முன்கூட்டி எடுத்துவைக்கப் புராசசருக்கும் வழியில்லை. அரேயில் ஆயிரம் எண்களை ஒரு இடம் தள்ளி வைப்பது, லிஸ்டில் ஆயிரம் நோடுகளைத் தாண்டுவதைவிடச் சீக்கிரம் முடிந்துவிடுவது இதனால்தான்.

எங்கே இதெல்லாம் பயன்படாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அல்காரிதமே தவறாக இருந்தால் கேச் காப்பாற்றாது. லட்சக்கணக்கான எண்களைப் பபிள் சார்ட்டில் அடுக்கிக்கொண்டு லூப் வரிசையைப் பார்ப்பது வீண். பைத்தானில் சாதாரண லிஸ்டுகளை வைத்து இதே சோதனையைச் செய்தால் வித்தியாசம் அவ்வளவு பெரிதாகத் தெரியாது. அங்கே ஒவ்வொரு கூட்டலுக்கும் இன்டர்பிரெட்டர் செய்கிற வேலையே அதிகம், அதில் கேச் தாமதம் அமுங்கிப்போகிறது. நம்பை அரேக்கு மாறினால் எண்கள் சி மொழியைப் போலவே நெருக்கமாக அடுக்கப்படுகின்றன. நிரையா நிரலா என்ற கேள்வி அங்கே திரும்ப வந்துவிடும்.

கடைசியாக ஒரு சோதனை. `N`-ஐ 64 ஆக்கிவிட்டு, நேரம் அளக்கும்படியாகக் கூட்டலைப் பல லட்சம் முறை திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். 64-க்கு 64 முழு எண்கள் என்றால் 16 கிலோபைட். எல்1 கேச்சில் பாதியே போதும். முதல் சுற்றுக்குப் பிறகு எல்லாம் உள்ளேயே தங்கிவிடும். `perf` காட்டும் எண்ணிக்கை இரண்டு புரோகிராம்களுக்கும் ஏறத்தாழ ஒன்றாகிவிடும். முதலில் பார்த்த பல மடங்கு வித்தியாசமும் காணாமல் போகும்.