இரண்டு பூஜ்யமும் ஓர் எண்ணும்

வெக்டர் கணக்கில் மதிப்பெண் கரைவது பெரும்பாலும் முறை தெரியாததால் அல்ல. சூத்திரம் சரியாக இருக்கும், படிகளும் வரிசையாக இருக்கும். எங்கோ ஒரு கழித்தல் குறி மட்டும் காணாமல் போயிருக்கும். பிளஸ் டூ மாணவரில் தொடங்கி பொறியியல் கல்லூரி மாணவர் வரை இதில் சறுக்காதவர் குறைவு. செய்த கணக்கையே மேலிருந்து கீழே மறுபடி படித்துப் பார்ப்பதால் பயனும் அதிகமில்லை. முதல்முறை ஏமாந்த கண், இரண்டாம் முறையும் அதே இடத்தில் ஏமாறும். விடையை வேறொரு வழியில் சோதிப்பதுதான் கைகொடுக்கும். அதற்கு இரண்டு மூன்று வரிக் கணக்கு போதும்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். a = 2i − 3j + 4k, b = 5i + j − 2k.

முதலில் புள்ளிப் பெருக்கல். i-யை i-யோடும், j-யை j-யோடும், k-யை k-யோடும் பெருக்கிக் கூட்டினால் 10 − 3 − 8, அதாவது −1. விடை வெறும் எண். அவசரத்தில் 10i − 3j − 8k என்று வெக்டராகவே விட்டுவிடுபவர்களும் உண்டு. இன்னொரு பொறி, b-யின் நடுவில் எண் எதுவும் இல்லாமல் நிற்கும் j. அதன் கெழு 1. கண்ணுக்கு எண் தெரியாததால் அதைப் பூஜ்யமாக எண்ணிவிட்டால் விடை 2 என்று வந்துவிடும்.

இதைச் சோதிக்க இரண்டு வெக்டர்களையும் கூட்டிப் பார்க்கலாம். a + b = 7i − 2j + 2k. இதன் நீளத்தின் வர்க்கம் 49 + 4 + 4 = 57. தனித்தனியாக, a-யின் நீள வர்க்கம் 4 + 9 + 16 = 29, b-யினுடையது 25 + 1 + 4 = 30; இரண்டும் சேர்ந்து 59. கூட்டிய வெக்டரின் 57-லிருந்து இந்த 59-ஐக் கழித்தால் −2. அதில் பாதி −1. அதுதான் புள்ளிப் பெருக்கலின் மதிப்பு. வர்க்கங்களில் கழித்தல் குறியே வராது என்பதால், பெருக்கும்போது நடந்த குறிப்பிழை இங்கே மறுபடி நுழைய வழியில்லை. கூட்டும்போது மட்டும் கவனம் வேண்டும்.

இனி குறுக்குப் பெருக்கல். தொல்லையின் பெரும்பகுதி இங்கேதான். முதல் வரிசையில் i, j, k, இரண்டாவதில் a, மூன்றாவதில் b என்று அணிக்கோவை எழுதி விரிப்பது வழக்கம். அப்போது j-க்கு முன்னால் ஒரு கழித்தல் குறி வரும். நம் கணக்கில் அந்த உறுப்பு −[(2)(−2) − (4)(5)]. அடைப்புக்குள் −4 − 20 = −24; வெளியே நிற்கும் கழித்தலோடு சேர்ந்து +24. அடைப்புக்குள் வந்த −24-ஐயே விடையாக எழுதிவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. சரியான விடை 2i + 24j + 17k.

இந்தக் கழித்தல் குறியே வராதபடி எழுதவும் ஒரு வழி இருக்கிறது. கூறுகளை இரண்டாவதிலிருந்து தொடங்கி, 2, 3, 1, 2 என்ற வரிசையில் எழுத வேண்டும்:

```
-3   4   2  -3
 1  -2   5   1
```

பக்கத்துப் பக்கத்து நிரல்களை மேல் இடமிருந்து கீழ் வலமாகப் பெருக்கி, அதிலிருந்து மேல் வலமிருந்து கீழ் இடமாகப் பெருக்கியதைக் கழிக்க வேண்டும். 6 − 4 = 2; 20 + 4 = 24; 2 + 15 = 17. மூன்று கூறுகளும் ஒரே மாதிரி கிடைக்கின்றன. நடு உறுப்புக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை. பள்ளியில் அணிக்கோவையோடு இதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் பாதித் தவறுகள் குறையும்.

எந்த வழியில் போட்டாலும் சோதனை ஒன்றுதான். குறுக்குப் பெருக்கலின் விடை a, b இரண்டுக்கும் செங்குத்தாக நிற்க வேண்டும். ஆகவே விடையை a-யோடு புள்ளிப் பெருக்கல் செய்தாலும் b-யோடு செய்தாலும் பூஜ்யம் வர வேண்டும். இங்கே 4 − 72 + 68 = 0; 10 + 24 − 34 = 0. சரி.

தவறான 2i − 24j + 17k-ஐச் சோதித்தால் என்ன ஆகும்? a-யோடு 4 + 72 + 68 = 144. b-யோடு 10 − 24 − 34 = −48. தவறு இருக்கிறது என்பது மட்டுமல்ல, எங்கே இருக்கிறது என்பதும் இந்த இரண்டு மிச்சங்களிலேயே தெரியும். ஒரே ஒரு கூறில்தான் பிழை என்றால், மிச்சங்களை a, b-யின் அந்தக் கூறுகளால் வகுக்கும்போது இரண்டும் ஒரே எண்ணைத் தரும். i-யில் பார்த்தால் 144/2 = 72, −48/5 = −9.6; ஒத்துவரவில்லை. k-யில் 144/4 = 36, −48/−2 = 24; இதுவும் இல்லை. j-யில் 144/−3 = −48, −48/1 = −48. அகப்பட்டுவிட்டது. j கூறு 48 குறைவாக இருக்கிறது. −24-ஓடு 48-ஐக் கூட்டினால் 24. மூன்றிலுமே ஒத்துவராவிட்டால் ஒன்றுக்கு மேற்பட்ட கூறுகளில் பிழை என்று பொருள். அப்போது பேசாமல் முதலிலிருந்து போடுவதே மேல்.

செங்குத்துச் சோதனைக்கு அகப்படாத பிழை ஒன்று உண்டு. a × b கேட்ட இடத்தில் b × a போட்டுவிட்டால் மூன்று குறிகளும் சேர்ந்து புரண்டு −2i − 24j − 17k என்று வரும். அதுவும் இரண்டுக்கும் செங்குத்துதான். இரண்டு பூஜ்யங்களும் வந்துவிடும். பொதுவாக, சரியான விடையை எந்த எண்ணால் பெருக்கினாலும் இந்தச் சோதனையில் தேறிவிடும். ஆனால் வேறு எதுவும் தேறாது. எனவே பூஜ்யமல்லாத ஏதாவது ஒரு கூறைத் தனியாகச் சரிபார்த்துவிட்டால் மற்ற இரண்டும் தாமாகவே உறுதியாகிவிடும். k கூறு இதற்கு வசதி. a, b இரண்டின் முதல் இரண்டு கூறுகளை மட்டும் சாதாரண வரைபடத் தாளில் குறித்தால் (2, −3), (5, 1). ஆதிப்புள்ளியில் நின்று முதல் புள்ளியின் திசையிலிருந்து இரண்டாவதன் திசைக்குக் குறுகிய வழியில் திரும்பினால், கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்புகிறோம். அப்படியானால் k கூறு நேர்மம். +17 சரி, −17 என்றால் வரிசை மாறிவிட்டது.

வரிசை மாறினால் எல்லா இடத்திலும் குடி முழுகிவிடாது. முக்கோணத்தின் பரப்பு, ஒரு தளத்தின் சமன்பாடு, ஒன்றையொன்று வெட்டாத இரு கோடுகளின் இடைத்தூரம் ஆகியவற்றில் குறி மொத்தமாகப் புரண்டாலும் விடை மாறாது. திருப்புத்திறனில் அப்படி இல்லை. அது r × F. F × r என்று எழுதினால் பொருள் எதிர்த்திசையில் சுழல்வதாக விடை வரும். காந்தப்புலத்தில் ஓடும் மின்னூட்டத்தின் மீதான விசையும் v × B என்ற வரிசையில்தான் வரும். மாற்றினால் இந்தப் பக்கம் வளைய வேண்டிய துகள் அந்தப் பக்கம் வளையும்.

இந்தக் குறிச் சண்டைக்கு வயது அதிகம். 1843-ல் ஹாமில்டன் கண்டுபிடித்த குவாட்டர்னியன் பெருக்கலில் இரண்டு பெருக்கல்களும் ஒன்றாகவே பிறந்தன. அதில் புள்ளிப் பெருக்கல் கழித்தல் குறியோடு வந்தது. யேல் பல்கலைக்கழகத்தின் கிப்ஸ் 1880-களில் தம் மாணவர்களுக்காக அச்சிட்ட குறிப்புகளில் இரண்டையும் பிரித்துத் தனித்தனியாக வைத்தார்.

சோதிக்கும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. சோதனைக்கு எடுக்கும் எண்களை வினாத்தாளிலிருந்தே எடுக்க வேண்டும். 2i + 3k-ல் இல்லாத j-யை மறந்து, 3-ஐ j-யின் இடத்தில் எழுதியிருந்தால், அந்தப் பிழையான நகலோடு சோதித்தாலும் பூஜ்யமே வரும். மற்றொன்று, a-யும் b-யும் இணையாக இருந்தால் இந்த இரட்டைப் பூஜ்யத்தை நம்பக் கூடாது. 2i − 3j + 4k, 4i − 6j + 8k இரண்டும் ஒரே திசையில் இருப்பதால், இரண்டு சோதனைகளும் உண்மையில் ஒரே சோதனைதான். அங்கே கூறுகளின் விகிதத்தைப் பார்த்தாலே போதும்: மூன்றும் 1 : 2 என்று வந்தால் குறுக்குப் பெருக்கலின் விடை பூஜ்ய வெக்டர்.