மொழிபெயர்ப்பாளருக்கு முன்கூட்டியே ஒரு குறிப்பு

மேடையில் ஒருவர் ஆங்கிலத்தில் பேசுகிறார். அரங்கின் பின்புறம் கண்ணாடி அறைக்குள் அமர்ந்திருப்பவர் அதை உடனுக்குடன் தமிழில் சொல்லிக்கொண்டே போகிறார். இடைவெளி சில நொடிகள்தான். வேலை கடினம் என்பதால் இருவர் அமர்ந்து, ஏறத்தாழ அரை மணிக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். தெரியாத பெயர் வந்தால் தேடிப் பார்க்க நேரமில்லை. அதனால்தான் பேச்சாளரின் ஸ்லைடுகளை முன்னதாகவே வாங்கி, ஓரிரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுக்கிறார்கள்.

காசநோய் பற்றி ஒரு மருத்துவர் பேசப்போகிறார் என்று வைத்துக்கொள்வோம். குறிப்பை அகரவரிசையில் எழுதினால் பயனில்லை. ஸ்லைடு எண் வரிசையில்தான் எழுத வேண்டும். அப்போதுதான் திரை மாறும்போது கண்ணும் அடுத்த வரிக்கு இறங்கும். மொழிபெயர்ப்பாளருக்குத் தெரிந்த சாதாரணச் சொற்கள் அதில் வேண்டாம்.

ஒரு ஸ்லைடில் 10.8 மில்லியன் என்று இருக்கிறது. 2023-இல் காசநோய்க்கு ஆளானவர்கள் பற்றிய உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு அது. பேச்சின் வேகத்தில் மனக்கணக்குப் போடுவது ஆபத்து. ஆகவே ‘1 கோடியே 8 லட்சம்’ என்று குறிப்பிலேயே எழுதிவிட வேண்டும்.

இன்னொரு ஸ்லைடில் ‘மெட்ராஸ் ஆய்வு’ என்று மட்டும் இருக்கிறது. குறிப்பு அதை விரிக்க வேண்டும்: 1956-இல் சென்னையில் தொடங்கியது, சானடோரியத்தில் தங்கிப் பெறும் சிகிச்சையையும் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடுவதையும் ஒப்பிட்டது, வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே பலனைத் தந்தது. வழிநடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ். இது கையில் இருந்தால், பேச்சாளர் திடீரென ‘ஃபாக்ஸ் காட்டியதுபோல’ என்றாலும் மொழிபெயர்ப்பாளர் தடுமாற மாட்டார்.

அடுத்து BPaLM. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு 6 மாதம் தரும் கூட்டுச் சிகிச்சை. பெடாகுயிலின், ப்ரெட்டோமனிட், லைனெசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் என்ற நான்கு பெயர்களையும் தமிழ் எழுத்தில், வாய்விட்டுப் படிக்க வசதியாகத் தர வேண்டும்.

பிறகு உரையின் போக்கு. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வரி போதும். எங்கே வீடியோ வருகிறது, அதன் ஒலி கண்ணாடி அறைக்கு வருமா, எந்த ஸ்லைடுகளைத் தாண்டிப் போவார் என்பதெல்லாம் தெரிந்தாக வேண்டும். நோயாளி ஒருவரின் வாக்குமூலத்தைப் பேச்சாளர் வாசிக்கப்போகிறார் என்றால் முழு வாசகமும் வேண்டும். எழுதியதை வாசிப்பவர் பேசுபவரைவிட வேகமாகப் போவார்.

குறிப்பு போதவில்லை என்பதைக் கேட்பவரே கண்டுகொள்ளலாம். பெயர்கள் வரவேண்டிய இடத்தில் ‘அந்த மருந்து’, ‘ஒரு ஆய்வு’ என்று வரும். திரை அடுத்த ஸ்லைடுக்குப் போன பிறகும் காதில் பழைய எண் ஒலிக்கும்.

ஸ்லைடில் இருப்பது மட்டுமே குறிப்பில் வரும். பேச்சாளர் மனதில் இருப்பது வராது. அதற்கு அவரிடமே பத்து நிமிடம் பேசி, ஸ்லைடில் இல்லாத எந்தச் சம்பவத்தைச் சொல்லப்போகிறார் என்று கேட்க வேண்டும். முந்தின இரவு ஸ்லைடுகளை மாற்றுவதும் வழக்கம்தான். மாறிய எண்களை மட்டும் குறிப்பின் தலைப்பில் தேதியுடன் எழுதி, காலையில் இருவர் கையிலும் சேர்த்துவிட வேண்டும்.